மார்பு நோய்ப் பிரிவு: ஸ்பைரோமெட்ரி அறிக்கை

நோயாளி எண்: CH-2417. ஆண், வயது 61, உயரம் 164 செ.மீ., எடை 58 கிலோ. பரிசோதனை: 12.03.2025, காலை 10.30.

அனுப்பிய காரணம்

ஓராண்டாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளியுடன் இருமல். 25 ஆண்டுகள் தினமும் ஒரு பாக்கெட் புகைத்தவர், நிறுத்தி 3 ஆண்டு ஆகிறது. இருபது ஆண்டுகள் கல் உடைக்கும் வேலை. மருத்துவரின் கையெழுத்துக் குறிப்பு: "வலது அடியில் லேசான கிரெப்பிடேஷன்? FVC 59%, சுருக்கமா? ஐ.எல்.டி. பார்க்கவும். எக்ஸ்ரேயில் நுரையீரல் ஊதியிருக்கிறது. SpO2 94."

பரிசோதனையின் தரம்

ஐந்து முறை ஊதினார், மூன்று ஏற்கத்தக்கவை. நான்காவதில் முதல் நொடிக்குள்ளேயே இருமல். இரண்டாவதில் 4 நொடியிலேயே நிறுத்திவிட்டார், வரைபடம் சமநிலைக்கு வரவே இல்லை. இரண்டையும் நீக்கியாயிற்று. மற்ற மூன்றிலும் சிறந்த இரண்டு FVC-க்கு இடையே 90 மி.லி. வித்தியாசம், FEV1-க்கு 40 மி.லி. இரண்டுமே 150 மி.லி.க்குள் இருப்பதால் தரம் A.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்பில் உள்ள 59% அந்த இரண்டாவது ஊதலின் 1.94 லிட்டரிலிருந்து வந்தது. அச்சுத் தாளில் அது மேலேயே இருப்பதால் கண்ணில் பட்டிருக்கும். பாதியில் நிறுத்திய ஊதலில் FVC குறையும், விகிதம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும் (அதில் 0.60). ஆகவே அந்த எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

காலை 7 மணிக்கு சால்பியூட்டமால் 2 பஃப் எடுத்திருக்கிறார். நான்கு மணி நேர இடைவெளிக்கு அரை மணி குறைவு என்பதால் மருந்துக்கு முந்தைய எண்கள் சற்றே கூடுதலாக இருக்கலாம்.

அளவுகள் (GLI எதிர்பார்ப்பு, LLN என்பது இயல்பின் கீழ் எல்லை)

| | எதிர்பார்ப்பு | LLN | மருந்துக்கு முன் | மருந்துக்குப் பின் |
|---|---|---|---|---|
| FVC, லி. | 3.30 | 2.45 | 2.31 (70%) | 2.78 (84%) |
| FEV1, லி. | 2.60 | 1.85 | 1.20 (46%) | 1.36 (52%) |
| FEV1/FVC | 0.78 | 0.66 | 0.52 | 0.49 |

மெதுவாக ஊதிய VC, மருந்துக்கு முன்: 2.74 லி. மருந்து: சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், ஸ்பேசர் வழியாக, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் செய்தோம்.

விளக்கம்

விகிதம் LLN-க்கு மிகவும் கீழே இருக்கிறது, மருந்துக்குப் பிறகும் அப்படியே. ஃப்ளோ-வால்யூம் வளைவின் வெளிமூச்சுப் பகுதி உச்சிக்குப் பின் உள்நோக்கிக் குழிந்து தொய்கிறது. இது அடைப்பு வகை என்பதில் சந்தேகம் இல்லை. மருந்துக்குப் பிந்தைய FEV1-இன் z மதிப்பு சுமார் -2.7, அதாவது மிதமான குறைபாடு.

அடுத்து FVC. இயந்திரம் தானாக அச்சிட்டது "கலப்புக் குறைபாடு". FVC எல்லைக்குக் கீழே இருந்தால் அது அப்படித்தான் எழுதும், ஏன் குறைந்தது என்று பார்க்காது. அடைப்பு அதிகமானால் காற்று உள்ளேயே தேங்கி நின்று, நுரையீரல் சுருங்காமலே FVC குறையும். இவரிடம் அதற்கான அடையாளங்கள் இருக்கின்றன. மெதுவாக ஊதியபோது 430 மி.லி. கூடுதலாக வெளிவந்தது, மருந்துக்குப் பிறகு FVC 470 மி.லி. ஏறி (எதிர்பார்ப்பில் 14%) இயல்புக்குள் வந்துவிட்டது. சுருக்கம் மட்டும் இருந்திருந்தால் விகிதம் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும், வளைவு ஒடுங்கிச் செங்குத்தாக வரும். இரண்டும் இங்கே இல்லை.

மருந்துக்கு FEV1 160 மி.லி. மட்டுமே ஏறியது (எதிர்பார்ப்பில் 6%), 10% தாண்டவில்லை. ஆனால் FVC தாண்டியிருப்பதால், 2022 ஈ.ஆர்.எஸ்./ஏ.டி.எஸ். அளவுகோலின்படி மருந்துக்குப் பலன் உண்டு. அதை வைத்து மட்டும் ஆஸ்துமா என்று எழுத முடியாது.

முடிவு

மிதமான அடைப்பு வகைக் குறைபாடு, காற்றுத் தேக்கத்துடன். புகைப்பழக்க வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் சி.ஓ.பி.டி.க்குப் பொருந்துகிறது. சுருக்க வகைக்கு இந்தப் பரிசோதனையில் ஆதாரம் இல்லை. "கலப்பு" என்ற அச்சு வாசகத்தை ஏற்கவில்லை.

பரிந்துரை

ஸ்பைரோமெட்ரி மொத்த நுரையீரல் கொள்ளளவை அளக்காது. கிரெப்பிடேஷனும் கல் தூசும் இருப்பதால், ஐயம் தீர பாடி பிளெத்திஸ்மோகிராஃபியில் TLC, RV அளவுகளும் DLCO-வும் பார்க்கலாம். TLC எல்லைக்குக் கீழே வந்தால் மட்டுமே சுருக்கம் உறுதி. இருமிய பிறகும் கிரெப்பிடேஷன் மாறாமல் இருந்தால் எச்.ஆர்.சி.டி. எடுப்பது நல்லது. அடுத்த முறை ஊத வரும்போது சால்பியூட்டமாலை 4 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்லவும்.

தயாரித்தது: நுரையீரல் செயல்திறன் பரிசோதனைத் தொழில்நுட்பர். சரிபார்த்தது: மார்பு நோய் மருத்துவர்.