தவணை நிறுத்த அறிவிப்பு: ஏரல் கிளையின் திருத்திய வரைவு

ஏரல், 23.12.2023

மதிப்பிற்குரிய சார், வணக்கம்.

வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட நம் வாடிக்கையாளர்களின் கடன் தவணையை நிறுத்துவது பற்றி நீங்கள் அனுப்பிய அறிவிப்பு வரைவு நேற்று மாலை கிடைத்தது. இங்கே கரண்ட் இன்னும் சீராக வரவில்லை, அதனால் பதில் எழுத ஒரு ராத்திரி ஆகிவிட்டது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மாற்றி எழுதிய அறிவிப்பு கடைசியில் முழுதாக இருக்கிறது. ஏன் மாற்றினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரைவு இப்படித் தொடங்குகிறது: "அண்மையில் ஏற்பட்ட இயற்கைப் பேரிடரால் பாதிப்புக்குள்ளான தகுதிவாய்ந்த வாடிக்கையாளர்களின் நலன் கருதி, நிறுவனம் தனது விருப்புரிமையின் பேரில் தவணைச் சலுகை வழங்க முன்வந்துள்ளது." இதை இன்று காலை கடைத்தெருவில் சேறு அள்ளிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். நம்மிடம் 5 வருஷமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறவர். முழுதும் கேட்டுவிட்டு, "அப்பம் கடன் தள்ளுபடி ஆயிட்டா தாயி?" என்றார். இல்லை பாட்டி, மூணு மாசம் கட்ட வேண்டாம், அப்புறம் கட்டணும் என்றேன். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். புதிய அறிவிப்பின் முதல் வரி அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

'சலுகை' என்றால் இங்கே தள்ளுபடி என்றே காதில் விழும். பயிர்க்கடன் தள்ளுபடி, நகைக்கடன் தள்ளுபடி என்று கேட்டுப் பழகிய ஊர். அந்த வார்த்தையை ஒரு இடத்தில்கூட விடவில்லை. 'தகுதிவாய்ந்த' என்பதையும் எடுத்துவிட்டேன். தகுதி யாருக்கு என்று வரைவில் எங்கேயும் சொல்லவில்லை, படிக்கிற ஒவ்வொருவரும் தனக்கு இல்லையோ என்றுதான் நினைப்பார். 'அண்மையில்' என்பதும் வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழைக்குத் தேதி சொல்லாமல் அறிவிப்புப் போட்டால், வேறு ஊருக்கு அடித்ததை இங்கே ஒட்டியதுபோல இருக்கும்.

என்னை மிகவும் உறுத்தியது இரண்டாவது பத்தி. ஆதார் நகல், விஏஓ சான்று, பாஸ்புக் அசல் மூன்றையும் வைத்து 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. சார், பாஸ்புக் ஆற்றோடு போய்விட்டது. ஆதார் கார்டை வீட்டுக்குள் காயப்போட்டிருக்கிறார்கள். விஏஓக்கள் ராப்பகலாக நிவாரணக் கணக்கெடுப்பில் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் நம் தவணைக்காகச் சான்று கேட்டு வரிசையில் நிற்கச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெள்ளம் எதைக் கொண்டுபோனதோ அதையே நாம் ஆதாரமாகக் கேட்கிறோம். நம் கம்ப்யூட்டரில் எல்லார் முகவரியும் இருக்கிறது. எந்தத் தாலுகா என்று பார்த்து நாமே தவணையை நிறுத்திவிடலாம். கட்ட விரும்புகிறவர்கள் மட்டும் வந்து சொன்னால் போதும். இதற்கு நேற்று போனில் நீங்கள் சரி சொன்னதால்தான் துணிந்து எழுதியிருக்கிறேன்.

அடுத்தது வட்டி. "சலுகைக் காலத்திற்கான வட்டி நிறுவன விதிமுறைகளின்படி கணக்கிடப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு இன்னும் மூன்று மாதம் என்று ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வட்டி ஓடும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பாக்கி ஏறியிருப்பதைப் பார்த்தபிறகுதான் சண்டைக்கு வந்தார்கள். வட்டிக்கு வட்டி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அதனால் இந்த முறை ஓடுகிற வட்டியை ரூபாய்க் கணக்கில் அறிவிப்பிலேயே போட்டுவிட்டேன். அதைப் பார்த்துக் கொஞ்சம் பேர் கட்டிவிடுகிறேன் என்று முன்வருவார்கள், நமக்கும் அது நல்லதுதான். உதாரணத்தில் உள்ள எண்களை அக்கவுன்ட்ஸில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு அவசரம்: ஜனவரி 5-ம் தேதி தானியங்கிப் பிடித்தத்துக்கு வங்கிக்குப் போகிற ஃபைலில், அறிவிப்பில் சொல்லியிருக்கும் நான்கு தாலுகாக்காரர்களின் பெயரை நீக்கியாகிவிட்டதா? கட்ட வேண்டாம் என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டு, 5-ம் தேதி காலையில் கணக்கிலிருந்து பணத்தை எடுத்தோம் என்றால், அதற்குப் பிறகு நாம் எது சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வேலை முடிந்தது என்று நீங்கள் சொல்லும்வரை நான் ஒட்ட மாட்டேன்.

எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், ஒரு தாளின் இரண்டு பக்கமும் ஆனால் பரவாயில்லை. ஆட்டோவில் மைக் கட்டியும் வாசிக்கப்போகிறோம், அதனால் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் எழுதினேன். போன் நம்பர் போடவில்லை. டவரும் ஒழுங்காக இல்லை, பாதிப் பேரிடம் போனும் இல்லை.

இப்படிக்கு,
கிளை மேலாளர், ஏரல்

———

ஏரல், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், தூத்துக்குடி தாலுகா வாடிக்கையாளர்களுக்கு

மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம். ஏப்ரலிலிருந்து கட்டினால் போதும்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையிலும் தாமிரபரணி வெள்ளத்திலும் வீடு, கடை, வயல், ஆடு மாடு என்று நீங்கள் இழந்தவை எங்களுக்குத் தெரியும். எங்கள் கிளைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இந்த நிலையில் உங்களிடம் தவணை கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

ஜனவரி 5, பிப்ரவரி 5, மார்ச் 5 ஆகிய மூன்று தவணைகளும் நிறுத்தப்படுகின்றன. அடுத்த தவணை 2024 ஏப்ரல் 5-ம் தேதி. மேலே சொன்ன நான்கு தாலுகாக்களில் இருக்கும் எல்லா வாடிக்கையாளருக்கும் இது தானாகவே கிடைக்கும். விண்ணப்பம் வேண்டாம், சான்று வேண்டாம். பாஸ்புக் தொலைந்திருந்தால் பிறகு வந்து புதியது வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வேறு தாலுகாவில் இருந்து வெள்ளத்தில் பாதிக்கப்பட்டிருந்தால் கிளைக்கு வந்து சொல்லுங்கள், எங்கள் ஆள் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

இது தள்ளுபடி அல்ல. கட்டாத மூன்று மாதத்துக்கும் வட்டி ஓடும். அந்த வட்டிக்கு மேல் வட்டி போட மாட்டோம். அபராதமும் இல்லை.

எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்கு: டிசம்பர் தவணை கட்டியபிறகு உங்கள் பாக்கி 1,00,000 ரூபாய், வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம், இன்னும் 24 தவணை, தவணைக்கு 4,707 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஓடும் வட்டி 3,000 ரூபாய். ஏப்ரலிலிருந்து அதே 4,707 ரூபாயைத்தான் கட்டுவீர்கள், தவணைத் தொகை கூடாது. 2025 டிசம்பரில் முடிய வேண்டிய கடன் 2026 மார்ச்சில் முடியும். அந்த 3,000 ரூபாயைக் கடைசி மூன்று தவணைகளோடு ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்துக் கட்டலாம். உங்கள் கடனுக்கு எவ்வளவு என்பதை எழுதி, ஜனவரி மாதத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம்.

கையில் பணம் இருப்பவர்கள் எப்போதும்போல் கட்டலாம். முழுத் தவணை முடியாதவர்கள் மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டினாலும் (மேலே சொன்ன கணக்கில் மாதம் 1,000 ரூபாய்) கடைசியில் சேரும் அந்தத் தொகை இருக்காது. இப்படிக் கட்ட விரும்பினால் கிளையில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாதவரை நாங்கள் எடுக்க மாட்டோம்.

வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கும் இந்த மூன்று மாதம் பிடிக்க மாட்டோம். தவறிப் பிடித்துவிட்டால் வந்து சொல்லுங்கள், 7 வேலை நாளுக்குள் பணம் திரும்ப வரும். கணக்கில் பணம் இல்லையென்று வங்கி அபராதம் போட்டிருந்தால் அதையும் நாங்களே தருவோம்.

டிசம்பர் 5 தவணையைக் கட்டாமல் விட்டவர்கள் மார்ச் 31-க்குள் அபராதமின்றிக் கட்டலாம்.

நகைக்கடன் வைத்தவர்களுக்கு: மார்ச் 31 வரை எந்த நகையும் ஏலத்துக்குப் போகாது. உங்கள் நகை பத்திரமாக இருக்கிறது. பெட்டக அறை மாடியில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. வட்டி வழக்கம்போல் ஓடும்.

மகளிர் குழுக்களுக்கு: குழுவில் சிலர் கட்டி, சிலர் கட்டாமல் இருந்தால் கட்டாதவர்களின் பங்கை மற்றவர்களிடம் கேட்க மாட்டோம். குழுத் தலைவியிடமும் கேட்க மாட்டோம்.

இந்த மூன்று மாதம் கட்டாததை நிலுவை என்று சிபிலுக்கு அனுப்ப மாட்டோம். அரசு அறிவித்திருக்கும் 6,000 ரூபாய் நிவாரணம் முழுக்க உங்களுடையது. அதிலிருந்து தவணை கட்டும்படி எங்கள் ஆள் யாராவது கேட்டால் மேலாளரிடம் சொல்லுங்கள்.

தவணையை நிறுத்த ஓடிபி சொல்லுங்கள், கார்டு நம்பர் சொல்லுங்கள், நூறு ரூபாய் அனுப்புங்கள் என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. கொரோனா காலத்தில் தவணை நிறுத்தியபோதும் இப்படித்தான் ஏமாற்றினார்கள். இதற்காக நாங்கள் உங்களுக்குப் போன் செய்ய மாட்டோம்.

கேள்வி இருந்தால் நேரில் வாருங்கள். கீழ்த்தளத்தில் சுத்தம் செய்யும் வேலை நடப்பதால் ஏரல் கிளை இப்போது அதே கட்டடத்தின் மாடியில் இயங்குகிறது. காலை 10 முதல் மாலை 4 வரை, ஞாயிறு விடுமுறை. படியேற முடியாதவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் நாங்கள் இறங்கி வருவோம். திங்கள்கிழமைகளில் ஆத்தூரிலும், வியாழக்கிழமைகளில் தென்திருப்பேரையிலும் பேருந்து நிறுத்தத்தின் அருகே எங்கள் ஆள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்.

கிளை மேலாளர், ஏரல்