நான்கு மரபணுக்களும் ஒரு கழித்தல் கணக்கும்

தம்பி, முதிர்ந்த செல்லை இளநிலைக்குத் திருப்பிய ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை, அதாவது அப்ஸ்ட்ராக்டைப் படித்துவிட்டு "ஒன்றும் புரியவில்லை" என்று எழுதியிருந்தாய். முதல் தடவை யாருக்குமே அப்படித்தான் இருக்கும். தகாஹாஷியும் யமனாகாவும் 2006இல் செல் இதழில் எழுதிய அந்தக் கட்டுரையின் சாரம் இது. படங்களைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படி.

அப்ஸ்ட்ராக்டின் முதல் இரண்டு வாக்கியங்கள் பின்னணி மட்டுமே. முதிர்ந்த செல்லின் உட்கருவைக் கருமுட்டைக்குள் வைத்தாலோ, அந்தச் செல்லைக் கருத் தண்டணுவோடு, அதாவது எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய கருவின் செல்லோடு, இணைத்தாலோ அது பழைய இளநிலைக்குத் திரும்பும். அப்படித் திருப்புவது எது என்றுதான் தெரியாமல் இருந்தது. மூன்றாவது வாக்கியத்தில் பதில் வருகிறது. எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களுக்குள் ஆக்ட்3/4, சாக்ஸ்2, சி-மிக், கேஎல்எஃப்4 என்ற நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் போதும். முக்கியமானது என்று கருதப்பட்ட நானோக் மரபணு தேவைப்படவில்லை. "எதிர்பாராத விதமாக" என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வை.

முதல் படத்தில் இருப்பது ஒரு பொறி. இளநிலைச் செல்லில் மட்டும் இயங்கும் எஃப்பிஎக்ஸ்15 மரபணுவின் இடத்தில் செல்களைக் கொல்லும் ஜி418 மருந்தைத் தாங்கும் மரபணுவை வைத்தார்கள். மருந்தை ஊற்றினால், மாறிய செல் மட்டும் பிழைத்துத் திரளாக வளரும். அவர்கள் சோதிக்கத் தேர்ந்தெடுத்த 24 மரபணுக்களைத் தனித்தனியே போட்டபோது திரள் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டதும் வந்தது.

சரி, 24இல் எது தேவை? கட்டுரையின் உயிர் இரண்டாவது படத்தில்தான் இருக்கிறது என்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மரபணுவை விட்டுவிட்டு மீதி 23ஐப் போட்டார்கள். கிடைமட்ட அச்சில் இருப்பது விடுபட்ட மரபணு, செங்குத்து அச்சில் திரள்களின் எண்ணிக்கை. எனவே பட்டை குட்டையாக இருந்தால் அந்த மரபணு அவசியம் என்று பொருள். நானும் இதைத் தலைகீழாகத்தான் முதலில் புரிந்துகொண்டேன். இப்படி 24 பத்தாகி, பத்து நான்காகியது. எண்ணிக்கையோடு நிற்காமல் திரளின் உருவத்தையும் பார்: சி-மிக் இல்லாதபோதும் திரள்கள் வந்தன, ஆனால் தட்டையாக, கருத் தண்டணுவின் சாயல் இல்லாமல் இருந்தன.

மீதிப் படங்கள் சரிபார்ப்பு. கருத் தண்டணுவின் அடையாள மரபணுக்கள் இயங்குகின்றனவா என்பதற்குச் சில. அப்புறம், மாறிய செல்களை நோயெதிர்ப்பு குன்றிய எலியின் தோலுக்கடியில் வைத்தபோது வளர்ந்த கட்டியில் உடலின் எல்லா உறுப்புகளுக்கும் மூலமான மூன்று கருப்படலங்களின் திசுக்களும் இருந்தன.

கடைசியாக, அப்ஸ்ட்ராக்டில் மாறிய செல்கள் "கருவளர்ச்சியில் பங்களித்தன" என்ற வினையைக் கவனி. "எலி பிறந்தது" என்று அவர்கள் எழுதவில்லை. மாறிய செல்களும் கருவின் சொந்தச் செல்களும் கலந்த கரு வளர்ந்ததைக் காட்டினார்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அந்த இடத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வா, நாளை பேசலாம்.