விளையாட்டு விழா: எந்த வகுப்புக்கு எவ்வளவு சிற்றுண்டி?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு விளையாட்டு விழா தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் நான்கு வீடுகளிலிருந்து கேக் வந்து குவிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினார்கள். அதனால்தான் இந்தப் பட்டியல். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அன்பு மிகுதியாக இருந்தாலும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. (46 பேர்): ஏலக்கி வாழைப்பழம் 50, சின்ன இட்லி 100. சட்னி வேண்டாம், வெள்ளைச் சீருடை தாங்காது.

ஒன்றாம் வகுப்பு (38): வாழைப்பழம் 40, பொரி உருண்டை 40.

இரண்டாம் வகுப்பு (40): வாழைப்பழம் 42, பொரி உருண்டை 42. கடலை மிட்டாய் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். இந்த வகுப்பில் ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாது. பிள்ளைகள் பகிர்ந்து தின்பவர்கள் என்பதால், எந்த வகுப்புக்கும், எந்த வடிவிலும், அன்று வேர்க்கடலை கொண்டுவர வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு (42): கொண்டைக்கடலைச் சுண்டல், பாக்குமட்டைத் தொன்னை 45. உலர்ந்த கடலை 2 கிலோ போதும். ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். வெள்ளி இரவே ஊறவைத்து, காலையில் வேகவையுங்கள். தேங்காய் போடாதீர்கள், இந்த வெயிலில் ஊசிப்போய்விடும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கொழகொழத்துவிடும்.

நான்காம் வகுப்பு (36): கமலா ஆரஞ்சு 20. ஆளுக்குப் பாதி. உரிப்பது அவர்கள் வேலை.

ஐந்தாம் வகுப்பு (40): வாழைப்பழம் 80. தொடர் ஓட்டம் இவர்களுக்குத்தான், ஆளுக்கு இரண்டு. ஓட்டத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

மோர் எல்லோருக்கும் உண்டு. தயிர் 10 லிட்டர், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் பொறுப்பு. பள்ளியில் 30 லிட்டர் குடிநீர் சேர்த்துக் கடைவோம். 150 மில்லி வீதம் 242 பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சரியாக வரும். உப்பும் இஞ்சியும் நாங்கள் போட்டுக்கொள்கிறோம். பச்சைமிளகாய் கிடையாது.

டம்ளரை வீட்டிலிருந்தே பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பிளாஸ்டிக் கோப்பை, உறிஞ்சுகுழல், தூக்குப்பை மூன்றுக்கும் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

பொருட்கள் காலை 6.30க்குள் உணவுக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். மெட்ரோ பணியால் சாலை குறுகியிருக்கிறது, சற்று முன்னதாகவே கிளம்புங்கள். யார் எதைக் கொண்டுவருவது என்பதை வகுப்புப் பிரதிநிதியிடம் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.

பாத்திரத்திலும் மூடியிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். சென்ற ஆண்டின் ஏழு மூடிகள் இன்னும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. உரியவர்கள் அன்றே எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
விளையாட்டு விழா ஒருங்கிணைப்பாளர்