தீபாவளிக்குப் பிள்ளைகளின் உடுப்பு

கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் பிள்ளை முதலில் கேட்பது, "அம்மா, இதைக் கழட்டட்டா?" கொழும்பு வெக்கையில் அது நியாயம்தான். அதனால் இம்முறை உள்துணி எல்லாம் மெல்லிய பருத்தி. கழுத்திலும் கக்கத்திலும் ஜரிகை படாது.

பாவாடைக்கும் சட்டைக்கும் எடுத்தது மருதமுனைக் கைத்தறி. நெசவில் அங்கங்கே நூல் தடித்திருக்கும், அது பழுதல்ல. பளபளக்கும் கரை பட்டு இல்லை, பொலியெஸ்டர் ஜரிகை. பட்டு என்று சொல்லி விற்க எங்களுக்கு மனமில்லை.

பாவாடை இடுப்பில் இலாஸ்டிக்; கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறோம், அடுத்த வருசம் பிரித்து இறக்கலாம். பையன்களுக்கு முழங்கால் வரை குர்தா, பக்கத்தில் வெட்டு, ஓட வசதி. வேட்டி ஒட்டுப்பட்டியோடு வரும்.

நிறங்கள்: மாம்பழ மஞ்சள், மயில் நீலம், குங்குமச் சிவப்பு. சிவப்பு முதல் இரண்டு கழுவலுக்குச் சாயம் விடும், தனியே தோய்க்கவும். மஞ்சள் படத்தில் தெரிவதைவிட நேரில் கொஞ்சம் மங்கல். எங்களுக்கு அதுதான் பிடித்தது.

2 முதல் 10 வயது வரை அளவுகள் உண்டு. வெள்ளவத்தையில் வந்து போட்டுப் பார்த்தே வாங்கலாம்.