நாளைக் காலை 6.15க்கு ஆட்டோ

வணக்கம் அண்ணே. எல்லிஸ் நகர்ல இருந்து பேசினேனே, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு. நாளை வியாழக்கிழமை காலை 6.15 மணிக்கு வீட்டு வாசலுக்கே வந்துடுங்க அண்ணே. அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போறோம். அம்மாவும் நானும் ரெண்டு பேர்தான், ஒரு பை இருக்கும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் அண்ணே. 7 மணிக்குள்ள உள்ளே இருக்கச் சொல்லியிருக்காங்க. நேரமாயிட்டா கோரிப்பாளையத்துல மாட்டிக்குவோம், அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறேன், தப்பா நினைக்காதீங்க.

தெருமுனையில பிள்ளையார் கோயில், அதைத் தாண்டி இடது பக்கம் மூணாவது வீடு, பச்சை கேட். அம்மாவால மெயின் ரோடு வரைக்கும் நடக்க முடியாது. வந்ததும் ஹாரன் அடிக்க வேண்டாம், ஒரு மிஸ்டு கால் குடுங்க, உடனே இறங்கி வந்துடுறோம். போகும்போது வேகத்தடையில மட்டும் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க.

பேசினபடி 180 ரூபாய், சில்லறையாவே வச்சிருக்கேன். திரும்பி வர்றதுக்கு மத்தியானம் ஆகும், காத்திருக்க வேண்டாம்; தேவைப்பட்டா அப்புறம் கூப்பிடுறேன்.

உங்களுக்கு வர முடியாத மாதிரி இருந்தா, ராத்திரி 9 மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வேற வண்டி பார்த்துக்குறேன். சரின்னா 'சரி'ன்னு மட்டும் அனுப்புங்க போதும். ரொம்ப நன்றி அண்ணே.