கச்சான் திட்டம் தோற்றுப்போன கதை: மாதர் சங்கப் பொதுக்கூட்டத்தில் செயலாளரின் உரை

தலைவி அக்காவுக்கும், அம்மாமார், அக்காமார், தங்கச்சிமாருக்கும், கிராம அலுவலர் ஐயாவுக்கும், நிதி தந்த இடத்திலிருந்து வந்திருக்கிற தம்பிக்கும் வணக்கம்.

எங்கட ஊர்க் கச்சானை வாங்கி, வறுத்து, பக்கெற்றில் ஒட்டி விற்கிற கச்சான் திட்டம் தோற்றுப் போச்சு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருசம் எடுத்திருக்கு. அதுவரைக்கும் யார் கேட்டாலும் "கரண்ட் பில் ஏறினதாலை நிப்பாட்டிப்போட்டம்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்யில்லை. 2022 ஆவணியில் மின்கட்டணம் 75 வீதம் ஏறினது, 2023 மாசியில் திரும்ப 66 வீதம். ஆனால் பில் எங்களை விழுத்தவில்லை. நாங்கள் ஏற்கெனவே விழுந்து கிடந்த இடத்துக்குத்தான் அந்தப் பில் வந்து சேர்ந்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கதையைக் கேட்க லேசாயிருக்கும். மானியம் 12 லட்சம். 34 பேர் ஆளுக்குப் பத்தாயிரம் பங்கு போட்டது 3 லட்சத்து 40 ஆயிரம். இதில் வறுக்கிற மெசினும் பக்கெற் ஒட்டுகிற மெசினும் 5 லட்சத்து 20 ஆயிரம், கட்டடத் திருத்தமும் மூன்று பேஸ் கரண்டும் 1 லட்சத்து 60 ஆயிரம், கச்சான் வாங்கினது 6 லட்சத்து 8 ஆயிரம், பக்கெற், லேபல், கூலி, பில் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 77 ஆயிரம். விற்று வந்தது வெறும் 1 லட்சத்து 47 ஆயிரம். இன்றைக்கு வங்கியில் கிடக்கிறது 2 லட்சத்து 22 ஆயிரம்.

இனிக் கதை. உங்களுக்கு நினைவிருக்கும், 2023 மாசி தொடக்கத்தில் தாழமுக்கம் வந்து மழை கொட்டினது. கச்சான் பிடுங்குகிற நேரம். பிடுங்கினதைக் காயப்போட இடமில்லாமல் படங்கை விரிக்கிறதும் சுருட்டுகிறதுமாக நின்றோம். மழை விட்டு நாலு நாளில் நாங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வாசலில் வைத்துவிட்டோம். ஏன் அந்த அவசரம்? சித்திரைப் புதுவருசத்துக்கு முதல் பக்கெற் கடைக்குப் போகவேணும் என்று திட்ட அட்டவணையில் எழுதியிருந்தது. அட்டவணையை எழுதினதும் நான்தான்.

அன்றைக்குத் தராசடியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல விடுங்கள். முன்வரிசையில் இருக்கிற பெரியம்மா ஒரு பையுக்குள் கைவிட்டு நாலு காய் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினா. "பிள்ளை, இது இன்னும் கிலுங்கேல்லை" என்றா. காய்ந்த கச்சான் என்றால் கோதுக்குள் பருப்பு கழன்று கிலுங்கும், அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் சிரித்துக்கொண்டு, "களஞ்சியத்திலை கிடந்து காயும் பெரியம்மா" என்றேன்.

அந்தப் பை என்னுடையது. என்ர காணிக் கச்சான், ஒன்பது பை, 180 கிலோ.

இதை ஏன் சபையில் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு வந்த 76 பையில் ஒன்றைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. எப்படி அனுப்புகிறது? தராசடியில் இருந்தவ பொருளாளர் தங்கச்சி. கொண்டுவந்தது அவவின்ர மச்சாள், பெறாமகள், பக்கத்து வளவு அக்கா, பிறகு செயலாளர் நான். செயலாளரின்ர ஈரக் கச்சானை ஏற்றுப்போட்டு மற்றவையின்ரதை வேண்டாமென்று சொல்ல எவருக்கு வாய் வரும்? அந்த வாசலிலேயே திட்டம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அதன் வால்.

வாலையும் சொல்கிறேன். காற்றுப் புகாத யூரியாப் பையில் கட்டினோம். சாக்கு வாங்கக் காசு மிச்சம் பிடித்தோமாம். கீழே பலகை போடாமல் சீமெந்து நிலத்தில், சுவரோடு சாத்தி அடுக்கினோம். மேலே தகரக் கூரை. பகலில் வேகும், இரவில் வேர்க்கும். 14 பை வறுத்து 3,600 பக்கெற் போட்டோம். கடைகளிலிருந்து 1,500 திரும்பி வந்தது, "கைக்குது, காறல் மணக்குது" என்று. வைகாசியில் மிச்சப் பைகளைத் திறந்தபோது சூடு முகத்தில் அடித்தது. கோதை உடைத்தால் பருப்பில் மஞ்சள் பச்சையாகத் தூள்.

விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து காட்டினோம். இந்தப் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்கிற நஞ்சை உண்டாக்கக்கூடியது, ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது என்றார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தது இப்படிக் கச்சான் பிண்ணாக்குத் தின்றுதானாம். எங்கட கச்சானில் நஞ்சு இருந்ததென்று ஆய்வுகூடத்தில் பார்க்கவில்லை. இல்லையென்றும் சொல்ல முடியாது. நல்லதைத் தெரிந்தெடுத்து விற்போம் என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளைகள் தின்கிற சாமான் என்றபடியால் 62 பையையும் கிடங்கு வெட்டித் தாட்டோம். இந்தத் திட்டத்தில் நாங்கள் சரியாகச் செய்த ஒரு வேலை அது. கடைக்காரருக்கு 1,500 பக்கெற்றுக்கும் வேறு கதை சொல்லாமல் காரணத்தைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். மேலே சொன்ன வருமானம் அதைக் கழித்தபிறகு உள்ளது.

கச்சான் நல்லாயிருந்திருந்தாலும் முழுதாக விற்றிருப்போமா என்பதிலும் எனக்குச் சந்தேகம். எங்கட விண்ணப்பத்தில் முறிகண்டியை நம்பி எழுதியிருந்தோம். ஏ9ஆல் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும், அதனால் சந்தை தயார் என்று. எழுத முதல் அங்கே ஒரு கச்சான்கார அம்மாவிடமாவது கேட்டோமா? இல்லை. பிறகு போய்க் கேட்டபோது அவ சட்டியை மணலோடு கிளறிக்கொண்டே சொன்னா: "பிள்ளை, பஸ்ஸாலை இறங்கிற சனம் சுடச்சுடக் கேட்கும். ஒட்டின பக்கெற்றை ஆர் வாங்கிறது?" ஐந்து நிமிசப் பேச்சு. அதை ஒரு வருசம் முந்திப் பேசியிருக்கலாம்.

நிதி தந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒவ்வொரு மாதமும் கேட்டது எத்தனை கிலோ வாங்கினீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி என்று. எவ்வளவு காய்ந்தது என்று கேட்கிற பெட்டி உங்கட படிவத்தில் இருக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அடுத்த சங்கத்துக்குக் கொடுக்க முதல் அந்தப் பெட்டியைப் போடுங்கள்.

இனிச் செய்ய நினைப்பது. நிர்வாகக் குழுவின் யோசனை மட்டுந்தான், முடிவு உங்கட. பங்குக்காரருக்கு ஆளுக்கு 6,000 திருப்பிக் கொடுத்தால் 2 லட்சத்து 4 ஆயிரம் போகும். மிச்சம் 18 ஆயிரத்தில் ஈரப்பதம் பார்க்கிற மீற்றர் வாங்குவோம், காணாவிட்டால் என்ர பங்குக் காசையும் போடுகிறேன். மெசின் ஓடுது, விற்க வேண்டாம். வாற காலபோகத்தில் 200 கிலோ மட்டும், அதுவும் வாங்கப்போகிற கடையோடு முதலே பேசிப்போட்டு. பருப்பில் ஈரம் 8 வீதத்துக்கு மேலே காட்டினால் பை திரும்பும். தராசடியில் எங்கட ஊர் ஆள் இருக்கக் கூடாது; பக்கத்துச் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடுவோம், அவையின்ர தராசடிக்கு எங்களில் ஒருத்தி போகலாம். சொந்தக்காரியிடம் இல்லையென்று சொல்ல எங்களால் முடியாது என்று தெரிந்துவிட்டது, பிறகேன் திரும்ப அதையே சோதித்துப் பார்ப்பான்?

செயலாளராக நான் தொடர்வதா இல்லையா என்பதையும் இன்றைக்கே வாக்குக்கு விடச் சொல்லித் தலைவி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். கணக்குப் புத்தகமும் பற்றுச்சீட்டுகளும் இந்த மேசையில் இருக்கு. புரட்டிப் பாருங்கள், எதையும் கேளுங்கள். முதலில் பெரியம்மா பேசட்டும். அன்றைக்கு நான் அவவைப் பேச விடவில்லை.