மூலையில் வைத்த எண்

விடுமுறையின் மூன்றாம் நாள் பிற்பகலில், தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை மடியில் வைத்துவிட்டு, பாட்டி தம் கைப்பேசியைக் கதிரிடம் நீட்டினார். இரண்டு நாட்களாக அதில் அவன் விரலை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருப்பதையும், திடீரென்று முகம் மலர்வதையும், மறுகணமே சலித்துக்கொள்வதையும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது என்ன என்று எனக்கும் சொல்லிக்கொடு, கண்ணா."

ஒன்பது வயதுக் கதிருக்கு அதை நம்ப முடியவில்லை. மகன் வாங்கிக்கொடுத்த அந்தக் கைப்பேசியில் பாட்டி இதுவரை செய்தவை இரண்டே: அழைப்பு வந்தால் எடுப்பார், பேசி முடிந்ததும் உறையில் போட்டு அலமாரியில் வைப்பார். அவன் ஒரே தாவலில் அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

"இதன் பெயர் 2048, பாட்டி. நான்குக்கு நான்கு, மொத்தம் 16 கட்டம். நீங்கள் விரலால் ஒரு பக்கம் தள்ளினால் எல்லா எண்ணும் அந்தப் பக்கம் ஓடும். ஒரே எண் இரண்டு மோதினால் சேர்ந்து ஒன்றாகிவிடும். 2 இரண்டு சேர்ந்தால் 4, 4 இரண்டு சேர்ந்தால் 8. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் புதிதாக ஒரு 2 வரும், எப்போதாவது 4 வரும். இடமே இல்லாமல், சேர்க்கவும் முடியாமல் போனால் ஆட்டம் முடிந்தது. 2048 வந்துவிட்டால் வெற்றி."

இவ்வளவையும் அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பாட்டி சிறிது நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மடியிலிருந்த துணியை எடுத்து இரண்டாக மடித்தார், அதை மறுபடி மடித்தார், மறுபடியும்.

"இரண்டு அடுக்கு, நான்கு அடுக்கு, எட்டு அடுக்கு. இதுதானே?"

"ஆமாம்!" என்று கத்தினான் கதிர். அவன் கணக்கு ஆசிரியர்கூட அவனுக்கு இப்படிக் காட்டியதில்லை.

விதி புரிந்துவிட்டது; விரல்தான் படியவில்லை. நாற்பது ஆண்டுகள் ஊசியும் கத்தரிக்கோலும் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல் நுனி, திரையில் பட்டும் படாததுபோல் ஆயிற்று. எண்கள் அசையவில்லை என்றதும் பாட்டி இன்னும் அழுத்தினார். அப்போதும் அவை அசையவில்லை. அழுத்த அழுத்தத் தொடுதிரைக்கு ஒன்றும் கூடுதலாகப் புரிவதில்லை. அது விரலின் பலத்தை அறிவதில்லை, தோலின் வழியாகக் கடக்கும் மிகச் சிறிய மின்னூட்ட மாற்றத்தையே அறிகிறது, வறண்ட தோலில் அந்த மாற்றம் குறைந்துவிடுகிறது. கதிருக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனாலும் தன் அம்மா எப்போதோ செய்ததை நினைவில் வைத்திருந்து, ஓர் ஈரத்துணியைக் கொண்டுவந்து பாட்டியின் விரலை மெல்லத் துடைத்தான்.

"குத்தாதீர்கள் பாட்டி. தூசி தட்டுவதுபோல இலேசாகத் தள்ளுங்கள்."

இரண்டு 2கள் ஓடிவந்து ஒட்டி 4 ஆயின. பாட்டி விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் நாள் முழுவதும் கதிருக்குப் பொறுமையைச் சோதித்தது. அவன் ஒரு நொடியில் நான்கு முறை தள்ளுவான். பாட்டியோ ஒரு முறை தள்ளுவதற்கு முன் பதினாறு கட்டங்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சீக்கிரம் பாட்டி, இதற்கு நேரக் கணக்கே கிடையாது, ஆனாலும் சீக்கிரம்!" என்று அவன் கால்களை ஆட்டினான். நேரக் கணக்கு இல்லை என்ற சொல் பாட்டியின் காதில் நன்றாக விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் இன்னும் மெதுவானார்.

"இதை யார் செய்தது?" என்று இடையில் கேட்டார்.

"இத்தாலி நாட்டில் ஓர் அண்ணன். அப்போது அவருக்கு 19 வயதுதான். 2014இல் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து செய்துவிட்டாராம்."

"இரண்டு நாளில் இவ்வளவு நேர்த்தியா?" என்று பாட்டி வியந்தார். ஒரு நல்ல சட்டையை வெட்டித் தைத்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அறிந்தவரின் வியப்பு அது.

இரண்டாம் நாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கதிரின் ஆட்டங்களில் பெரிய எண் நடுவில் வந்து நின்றுகொண்டு, சிறிய எண்கள் அதைச் சுற்றி நெருக்கி, எல்லாம் அடைபட்டுப் போவதை அவர் கவனித்திருந்தார். "பெட்டி அடுக்கும்போது கனமானதை எங்கே வைப்போம்? அடியில், ஒரு மூலையில். பிறகு அதைத் தொடவே மாட்டோம்" என்றார். மிகப் பெரிய எண்ணை இடப்பக்கக் கீழ் மூலையில் நிறுத்தினார். அதற்கு வலப்பக்கம் அடுத்த பெரியது, அதற்கடுத்து அதனினும் சிறியது என்று அடி வரிசையை இறங்குமுகமாக அடுக்கினார். கீழேயும் இடப்பக்கமும் தள்ளினார். வேறு வழியில்லாதபோது வலப்பக்கம் தள்ளினார். மேலே மட்டும் தள்ளவே இல்லை. அன்று மாலைக்குள் 256 வந்தது. கதிர் தனியாக ஆடி அதுவரை எட்டியதும் அதுதான்.

"2048க்கு இன்னும் எத்தனை முறை தள்ள வேண்டியிருக்கும்?"

கதிர் தாளில் கணக்குப் போட்டான். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 2தான் வருகிறது. ஆகவே தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 900 முறைக்கும் மேலே போயிற்று. சொல்லும்போதே அவனுக்கு ஆயாசமாக இருந்தது.

"ஒரு பாவாடை ஓரம் அடிப்பதற்கு அதைவிட அதிகமாகத் தையல் போட்டிருக்கிறேன்" என்றார் பாட்டி.

ஐந்தாம் நாள் மதியம் அந்த விபத்து நடந்தது. பாட்டி சற்றுப் படுக்கப் போயிருந்தார். திரையில் அவருடைய ஆட்டம் அப்படியே இருந்தது: மூலையில் 512, அதன் பக்கத்தில் 128, 64, 16. ஒரே ஒரு முறை தள்ளிப் பார்க்கலாம் என்று நினைத்த கதிரின் விரல் வழுக்கி மேல்நோக்கிப் போய்விட்டது. அடி வரிசை முழுவதும் மேலே ஏற, காலியான அந்த மூலையில் ஒரு 2 வந்து உட்கார்ந்தது. பதறிப்போய் உடனே கீழே தள்ளினான். மற்ற எண்கள் எல்லாம் தத்தம் இடத்துக்கு இறங்கின, 512 மட்டும் அந்த 2இன் தலைமேல் நின்றுவிட்டது. செய்ததைத் திரும்பப் பெறும் வசதி பாட்டியின் கைப்பேசியில் இருந்த ஆட்டத்தில் இல்லை.

பாட்டி எழுந்து வந்தபோது கைப்பேசி உறைக்குள் இருந்தது. கதிர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"நான்தான் பாட்டி" என்றான், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே.

பாட்டி திரையைப் பார்த்தார். மூலையில் இருந்த 2 உடனே கண்ணில் பட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தையல் பெட்டியைத் திறந்து, தவறாகத் தைத்த ஓரங்களைப் பிரிக்கும் சிறிய கருவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னவென்று தெரியுமா? என் பெட்டியில் அதிகம் தேய்ந்தது இதுதான், ஊசி இல்லை. வா, பிரிப்போம்."

மாலை வெயில் ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை இருவரும் அதைப் பிரித்தார்கள். 2இன் தலைமேல் 512 இருப்பதால் அதை மேலிருந்து எதனோடும் சேர்க்க முடியாது. பக்கவாட்டில்தான் நகர்த்த வேண்டும், நகர்த்துவதற்கு அடி வரிசையில் ஓர் இடம் வேண்டும். வலது ஓரத்தில் இருந்த 16ஐ, மேலிருந்து சிறுகச் சிறுக இறக்கி 32 ஆக்கினார்கள், பிறகு 64 ஆக்கினார்கள். இப்போது 64 இரண்டு அருகருகே நின்றன. இரண்டாம் வரிசை நிரம்பி, அசையாமல் இருந்தால்தான் 512 தன் இடத்தைவிட்டு நகராது. அதற்காக இன்னும் ஆறேழு முறை காத்திருந்தார்கள். பிறகு பாட்டி வலப்பக்கம் தள்ளினார். 64கள் சேர்ந்து 128 ஆயின, வரிசை ஓர் இடம் நகர்ந்தது, 2 மூலையைவிட்டு விலகியது.

"புதிய எண் மூலையில் வந்துவிடக் கூடாது" என்று கதிர் கண்களை மூடிக்கொண்டான்.

அது மேல் வரிசையில் எங்கோ வந்தது. பாட்டி கீழே தள்ளினார். 512 மூலைக்கு இறங்கியது. ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. கதிர் அந்தத் தையல் பிரிக்கும் கருவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

எஞ்சிய நாட்கள் வேகமாகப் போயின. மூலையில் 1024 வந்த மறுநாள் கதிரின் அம்மா வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார். செருப்பை மாட்டும்போது அவன், "நான் இல்லை என்று அவசரப்பட்டுவிடாதீர்கள் பாட்டி" என்றான். அதைச் சொன்னவன் யார் என்று எண்ணிப் பார்த்து, அவன் தலையை இருமுறை தடவிக் கொடுத்தார் பாட்டி.

வீடு அமைதியாகிவிட்டது. காலையில் சிறிது நேரம், விளக்கு ஏற்றியபின் சிறிது நேரம் என்று பாட்டி ஆடினார். விரலைத் துடைக்கும் ஈரத்துணி இப்போது கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருந்தது. நான்காம் நாள் இரவு அவர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதையும் தள்ளாமல் மகளை அழைத்தார். கதிரிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஒரு யோசனை கேட்க வேண்டும், கண்ணா."

"இருங்கள் பாட்டி, தாள் எடுத்துக்கொள்கிறேன்." நாற்காலி நகரும் ஓசையும், கோடு போடும் ஓசையும் கேட்டன. "நான்குக்கு நான்கு போட்டுவிட்டேன். மேல் வரிசையிலிருந்து சொல்லுங்கள். மெதுவாகவே சொல்லுங்கள்."

"முதல் கட்டம் 2. அடுத்தது காலி. பிறகு 4, 2."

"ம்."

"இரண்டாம் வரிசை. 4, 8, 16, 4."

"ம்."

"மூன்றாவது. 16, 32, 64, 128."

"அடி வரிசை?"

"மூலையில் 1024. பிறகு 512. பிறகு 256." பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கடைசியில் 128."

எழுதிக்கொண்டிருந்த பென்சிலின் ஓசை நின்றது. வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அந்த இரண்டு 128களையும், அவை சேர்ந்தால் அதற்குப் பக்கத்தில் காத்திருப்பதையும், அதற்கும் பக்கத்தில் காத்திருப்பதையும் அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது, அந்தப் பக்கத்து மூச்சிலேயே பாட்டிக்குத் தெரிந்தது.

"பாட்டி," என்றான் கதிர் மிக மெல்லிய குரலில், "விரலைத் துடைத்துக்கொண்டீர்களா?"